விசில் கொடுப்பதற்கு முன்

பிள்ளையை விளையாட்டுப் பயிற்சியில் சேர்க்கப் போகும் பெற்றோர் முதலில் விசாரிப்பது கட்டணத்தையும் நேரத்தையும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், "கோச் எந்த லெவல் முடிச்சிருக்கார்?" என்று கேட்பார்கள். அதோடு விசாரணை முடிந்துவிடும். லெவல் முடித்தவர், சுவரில் சான்றிதழ் மாட்டியிருக்கிறார், பழைய மாணவர்கள் மாவட்ட அணியில் ஆடுகிறார்கள் என்றால், பிள்ளையை விட்டுவிட்டு நிம்மதியாக வீடு திரும்புகிறோம்.

அந்தச் சான்றிதழ் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இவருக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கத் தெரியும். இவரிடம் பத்து வயதுப் பிள்ளையை ஒப்படைக்கலாமா என்பது வேறு கேள்வி. அதற்கான விடையைத் தேடும் வழியும் வேறு, தேடும் ஆட்களும் வேறு. இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பதை இங்கிலாந்துக் கால்பந்து மிகத் தாமதமாக, பெரும் விலை கொடுத்துக் கற்றது. இன்று அங்கே தெருமுனை மைதானத்தில் ஆடும் சிறு கிளப்பில்கூட, பிள்ளைகளுக்குப் பயிற்சி தர வருபவர் இரண்டு வாசல்களையும் தாண்டித்தான் வர வேண்டும். அந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது, எங்கே ஓட்டை விழுகிறது என்று பார்த்தால், நம் ஊரில் என்ன கேட்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் குமார். திருச்சிக்காரர். துபாயில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு லண்டன் வந்தவர். வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. தமிழர்கள் நிறைய வாழும் ஹாரோ பகுதியில் வீடு. ஒன்பது வயது மகள் பக்கத்துக் கிளப்பில் பத்து வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடுகிறாள். சனிக்கிழமைதோறும் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தவரிடம் ஒரு நாள் கிளப்காரர்கள், "நீங்களும் சேர்ந்து பயிற்சி கொடுக்க வருகிறீர்களா?" என்று கேட்கிறார்கள். கல்லூரி அணியில் ஆடியவர் என்பதால் குமாருக்கும் ஆசைதான். சம்பளம் கிடையாது, முழுக்கத் தொண்டு. இங்கிலாந்தில் சிறுவர் கால்பந்து பெருமளவுக்கு இப்படிப்பட்ட அப்பா அம்மாக்களை நம்பித்தான் நடக்கிறது.

ஏணியின் படிகள்

இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தை எல்லோரும் எஃப்.ஏ. என்றுதான் சொல்வார்கள். அது வைத்திருக்கும் பயிற்சி ஏணியில் முதல் படி, கால்பந்துப் பயிற்சிக்கான அறிமுகப் படிப்பு. முன்பு 'லெவல் ஒன்று' என்று இருந்ததை மாற்றி 2021-இல் கொண்டுவந்தது இது. கொஞ்சம் இணையத்தில் படிக்க வேண்டும், கொஞ்சம் மைதானத்தில் செய்து பார்க்க வேண்டும். குமாருக்கு இந்தப் படி போதும். ஒரு மணி நேரப் பயிற்சியை எப்படித் திட்டமிடுவது, ஒன்பது வயதுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் காக்க வைக்காமல் எல்லோர் காலிலும் பந்து இருக்கும்படி ஆட்டங்களை எப்படி அமைப்பது, தோற்று அழும் பிள்ளையிடம் என்ன பேசுவது என்பதெல்லாம் இதில் வந்துவிடும். பந்தை எப்படி உதைப்பது என்பதைவிட, குழந்தை எப்படிக் கற்கிறது என்பதுதான் இங்கே பாடம்.

அடுத்த படிகள் ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியமான யூஃபாவின் பெயரில் வருபவை. யூஃபா சி, யூஃபா பி, யூஃபா ஏ, உச்சியில் யூஃபா ப்ரோ. ஒன்றை முடித்தால்தான் அடுத்ததற்கு விண்ணப்பிக்க முடியும். மேலே போகப் போகப் படிப்பு நேரம் கூடும். சி-க்கு 60 மணி நேரம் என்றால் பி-க்கு 120, ப்ரோவுக்கு 360. ஏ-வுக்கும் ப்ரோவுக்கும் பணம் கட்டினால் மட்டும் இடம் கிடைத்துவிடாது. ஏற்கெனவே அந்தத் தரத்தில் ஓர் அணியோடு வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். பயிற்சி கொடுக்கும்போது ஆசிரியர் மைதானத்துக்கே வந்து பார்த்து, குறை சொல்லி, மறுபடி வந்து பார்ப்பார். வாங்கிய உரிமமும் நிரந்தரமானதல்ல. மூன்று ஆண்டுகளுக்குள் 15 மணி நேரமாவது புதிதாகக் கற்றதற்குக் கணக்குக் காட்டினால்தான் புதுப்பிப்பார்கள்.

நல்ல ஏணி இது. ஆனால் இதன் எல்லையையும் பார்க்க வேண்டும். சி-யிலிருந்து ப்ரோ வரை ஏற ஏற, ஒருவர் எவ்வளவு நல்ல பயிற்றுநர் என்பது இன்னும் தெளிவாகத் தெரியும். பிள்ளைகளுக்கு அவரால் ஆபத்து உண்டா என்பது எந்தப் படியிலும் தெரியாது. சொல்லப்போனால், மேல் படியில் நிற்பவரிடம் பெற்றோர் கேள்வி கேட்கவே தயங்குவார்கள்.

பாரி பென்னெல் என்ற பாடம்

1980-களில் வடமேற்கு இங்கிலாந்தில் சிறுவர் கால்பந்து என்றால் பாரி பென்னெல் பெயர் முன்னால் நிற்கும். திறமையுள்ள பையன்களைக் கண்டெடுப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர். க்ரூ அலெக்ஸாண்ட்ரா கிளப்பின் சிறுவர் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தார், மான்செஸ்டர் சிட்டியோடும் தொடர்பு இருந்தது. அவர் கண் பட்டால் மகன் தொழில்முறை வீரனாகிவிடுவான் என்று பெற்றோர் நம்பினார்கள். வார இறுதியில் பையன்கள் அவர் வீட்டிலேயே இரவு தங்கினார்கள். வீடு நிறைய விளையாட்டு இயந்திரங்கள், செல்லப் பிராணிகள். அந்த வீட்டில்தான் அவர் அந்தச் சிறுவர்களைச் சீரழித்தார்.

1994-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் 1998-இல் இங்கிலாந்திலும் அவருக்குத் தண்டனை கிடைத்தது. அப்போதும் விஷயம் ஒரு தனி மனிதனின் குற்றமாகவே பார்க்கப்பட்டு அடங்கிவிட்டது. 2016 நவம்பரில், அவரிடம் சிறு வயதில் பயிற்சி பெற்ற ஆண்டி வுட்வர்ட் என்ற முன்னாள் வீரர் தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் 'கார்டியன்' பத்திரிகையிடம் பேசினார். அதன் பிறகு வேறு கிளப்புகளில், வேறு பயிற்றுநர்களிடம் பாதிக்கப்பட்டவர்களும் ஒருவர் பின் ஒருவராக முன்வந்தார்கள். 2018-இல் பென்னெலுக்கு 30 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2023-இல் சிறையிலேயே இறந்தார்.

எஃப்.ஏ. அமைத்த விசாரணையை வழக்கறிஞர் கிளைவ் ஷெல்டன் நடத்தினார். 1970 முதல் 2005 வரையிலான காலத்தை அவர் ஆராய்ந்தார். 2021 மார்ச்சில் வெளியான அறிக்கை, காவல்துறைக் கணக்குப்படி குறைந்தது 240 பேர் மீது சந்தேகம், பாதிக்கப்பட்டவர்கள் 692 பேர் என்று பதிவு செய்தது. 1995-இலேயே ஆபத்து தெரிந்திருந்தும், 2000 வரை குழந்தைப் பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கொண்டுவருவதில் எஃப்.ஏ. மெத்தனமாக இருந்தது என்று அது குற்றம் சாட்டியது. 1995 ஏன் முக்கியம் என்றால், பிரிட்டனின் ஒலிம்பிக் நீச்சல் பயிற்றுநராக இருந்த பால் ஹிக்சன் தன் மாணவிகளைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதற்காக அந்த ஆண்டில்தான் 17 ஆண்டு தண்டனை பெற்றார். ஒலிம்பிக் பயிற்றுநர் என்பதைவிடப் பெரிய பேட்ஜ் அந்த விளையாட்டில் ஏது?

இந்த இரண்டு வழக்குகளையும் படிக்கும் எவருக்கும் ஒன்று உறைக்கும். அந்தப் பயிற்றுநர்களின் திறமை பிள்ளைகளைக் காக்கவில்லை. பெற்றோரின் வாயை அடைக்கத்தான் அது உதவியது.

குமாரின் காகிதங்கள்

இப்போது குமாரிடம் வருவோம். கிளப்பில் சிறுவர் நல அலுவலர் என்று ஒருவர் இருப்பார். சிறுவர் அணி வைத்திருக்கும் ஒவ்வொரு கிளப்பும் இப்படி ஒருவரை நியமித்தே ஆக வேண்டும். குமார் விசிலைக் கையில் வாங்குவதற்கு முன் இவரைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் டி.பி.எஸ். சோதனை. குற்றப் பதிவுகளைத் தேடிச் சொல்வதற்கென்று 2012-இல் உருவான அரசு அமைப்பின் பெயர்ச் சுருக்கம் அது. இதில் பல தரங்கள் உண்டு. வாடகை வீடு, சாதாரண வேலை போன்றவற்றுக்கு அடிப்படைச் சோதனை போதும். பிள்ளைகளோடு வேலை செய்பவருக்கு வேண்டியது மேம்பட்ட சோதனை, அதோடு தடைப் பட்டியல் சோதனையும்.

குமார் கடவுச்சீட்டு, முகவரிச் சான்று முதலிய அசல் ஆவணங்களைக் காட்ட வேண்டும். கடந்த ஐந்து ஆண்டுகளில் வாழ்ந்த எல்லா முகவரிகளையும் விடுபடாமல் கொடுக்க வேண்டும். டி.பி.எஸ். மூன்று இடங்களில் தேடும். முதலாவது நீதிமன்றத் தண்டனைகள், காவல்துறை எச்சரிக்கைகள். இரண்டாவது, வழக்காகாமல் போனாலும் உள்ளூர்க் காவல்துறையின் கோப்பில் இருக்கும் தகவல். இந்த வேலைக்குப் பொருத்தமானது என்று காவல்துறை உயரதிகாரி கருதினால் அதையும் சான்றிதழில் சேர்ப்பார். மூன்றாவதுதான் தடைப் பட்டியல். பிள்ளைகளோடு வேலை செய்யவே கூடாது என்று விலக்கப்பட்டவர்களின் பட்டியல் அது. ஒருவர் எந்த வழக்கிலும் தண்டனை பெறாமலேயே இதில் இடம்பெறலாம். ஒரு கிளப்போ பள்ளியோ பிள்ளைகளுக்குத் தீங்கு செய்ததாக ஒருவரை விலக்கினால், அதை டி.பி.எஸ்.ஸுக்குத் தெரிவிப்பது சட்டப்படி கடமை. 'ராஜினாமா பண்ணிட்டுப் போயிடுங்க, வெளியில சொல்ல மாட்டோம்' என்று சத்தமில்லாமல் அனுப்பி வைத்தால் அந்த நிர்வாகமும் குற்றவாளிதான். ஒரு கிளப்பில் துரத்தப்பட்டவர் நாற்பது மைல் தள்ளி இன்னொரு கிளப்பில் புதிதாகச் சேர்ந்துகொள்ளும் பழைய பழக்கத்தை அடைப்பதற்கான வழி இது. என் பார்வையில் மொத்த ஏற்பாட்டிலும் இதுவே மிகப் பயனுள்ள பகுதி.

சான்றிதழ் குமாரின் வீட்டுக்கே தபாலில் வரும். அதில் ஏதாவது பதிவு இருந்தால், தகுதியா இல்லையா என்பதைக் கிளப் தலைவர் முடிவு செய்வதில்லை, எஃப்.ஏ.வின் பாதுகாப்புப் பிரிவு முடிவு செய்யும். பதினெட்டு வயதில் கடையில் எதையோ திருடியதற்கும், பிள்ளைகளுக்கு எதிரான குற்றத்துக்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குத் தெரியும். அதோடு, உள்ளூர் நட்பும் உள்ளூர்ப் பகையும் அந்த முடிவில் நுழையாது.

டி.பி.எஸ். முடிந்ததும் எஃப்.ஏ.வின் சிறுவர் பாதுகாப்புப் பயிற்சி, கால்பந்துக்கான முதலுதவிப் பயிற்சி இரண்டையும் முடிக்க வேண்டும். இவை எல்லாவற்றின் காலாவதியும் இணையத்தில் ஒரே பதிவில் தெரியும். நல அலுவலர் திறந்து பார்த்தால் யாருடையது முடியப்போகிறது என்பது கண்ணில் படும். டி.பி.எஸ். சான்றிதழில் காலாவதித் தேதி என்று எதுவும் அச்சிடப்படுவதில்லை. அது வழங்கப்பட்ட நாளின் நிலவரத்தைத்தான் சொல்கிறது. மறுநாளே ஒருவர் கைதானாலும் அந்தக் காகிதம் அப்படியேதான் இருக்கும். அதனால்தான் எஃப்.ஏ. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக எடுக்கச் சொல்கிறது.

சோதனையில் தெரியாதவை

குமாரின் டி.பி.எஸ். சுத்தமாக வந்துவிட்டது என்று வையுங்கள். நல அலுவலர் அத்தோடு திருப்தியடைந்தால் அது தவறு. குமார் இங்கிலாந்தில் வாழ்வது மூன்று ஆண்டுகள்தான். திருச்சியிலோ துபாயிலோ நடந்தது எதையும் டி.பி.எஸ். தேடிப் பார்க்காது; பிற நாடுகளின் குற்றப் பதிவுகள் அதன் கைக்கு எட்டாதவை. அந்த நாடுகளிலிருந்து காவல்துறை நன்னடத்தைச் சான்று வாங்கி வரச் சொல்ல வேண்டும். இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ அண்மையில் குடியேறியவர்கள் அதிகம் இருக்கும் தமிழ் விளையாட்டுச் சங்கங்கள் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். "நம்ம ஊர்க்காரர், நல்ல குடும்பம்" என்று சொல்லி விட்டுவிடுவது எளிது. அந்த ஒரு வார்த்தையில் மொத்தச் சோதனையும் பயனற்றுப்போகும்.

இன்னொரு ஓட்டை சட்டத்திலேயே இருந்தது. வாரம் ஒருமுறையோ, 30 நாளில் நான்கு நாளோ பிள்ளைகளுக்கு மேற்பார்வை இல்லாமல் பயிற்சி தருபவர்தான் தடைப் பட்டியல் சோதனைக்கு உட்படுவார் என்று 2012-இல் சட்டம் சுருக்கப்பட்டது. அதாவது தலைமைப் பயிற்றுநரின் கண்பார்வையில் வேலை செய்யும் உதவியாளர் அந்தப் பட்டியலில் இருந்தாலும், கிளப்புக்குத் தெரிய வழியில்லாமல் இருந்தது. உதவியாளரும் பிள்ளைகளின் நம்பிக்கையைப் பெறுகிறார், அவர்கள் வீட்டு முகவரி அறிகிறார். மைதானத்தில் மேற்பார்வை இருந்தால் மைதானத்துக்கு வெளியே ஆபத்து இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? சிறுவர் மீதான பாலியல் கொடுமைகளை ஆராய்ந்த அரசு விசாரணை ஆணையம் 2022-இல் இந்த மேற்பார்வை விலக்கை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் தடைப் பட்டியல் சோதனை வேண்டும் என்று பரிந்துரைத்தது. கிளப்பில் சேராமல் தனியாகப் பயிற்சி தருபவர்களின் நிலை இன்னும் குழப்பமாக இருந்தது. தமக்குத் தாமே முதலாளியாக இருப்பவர் மேம்பட்ட சோதனைக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாமலே வெகுகாலம் இருந்தது. ஆக, பூங்காவில் ஒரே ஒரு பிள்ளைக்குத் தனிப் பயிற்சி கொடுப்பவர்தான் மிகக் குறைவாகச் சோதிக்கப்பட்டார்.

வயது தொடர்பாகவும் ஒரு குறை நெடுநாள் இருந்தது. இங்கிலாந்தில் உறவுக்குச் சம்மதிக்கும் வயது 16. பள்ளி ஆசிரியர் தன் 16, 17 வயது மாணவியோடு உறவு வைத்தால், அவள் சம்மதித்தாலும் குற்றம். அதையே பயிற்றுநர் செய்தால் குற்றமில்லை என்ற நிலை 2022 ஜூன் வரை நீடித்தது. அணியில் இடம் தருவதும் பறிப்பதும் பயிற்றுநர் கையில் இருக்கும்போது சம்மதம் என்பதற்கு என்ன பொருள்? விளையாட்டு அமைப்புகள் பல ஆண்டுகள் போராடித்தான் அந்தச் சட்டத்தை மாற்ற வைத்தன.

எல்லாச் சோதனைகளும் கூடி ஒன்றைத்தான் சொல்லும்: இதுவரை பிடிபடவில்லை. பென்னெல் 1994-க்கு முன் இந்தச் சோதனைக்கு உட்பட்டிருந்தால் அவருக்கும் சுத்தமான சான்றிதழே வந்திருக்கலாம். அதனால்தான் காகிதத்துக்குப் பிறகு அன்றாட நடைமுறை இவ்வளவு முக்கியமாகிறது.

குமாரின் அணியில் 14 பிள்ளைகள். ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுவரை எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவராவது இருக்க வேண்டும் என்று என்.எஸ்.பி.சி.சி. என்ற குழந்தைப் பாதுகாப்பு அமைப்பு அறிவுறுத்துகிறது. பிள்ளைகள் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பெரியவர்கள் இருவருக்குக் குறையக் கூடாது. உதவிக்கு வரும் பதினாறு வயதுப் பையன் இந்தக் கணக்கில் சேரமாட்டான். இரண்டாவது பெரியவர் வரவில்லையென்றால், பெற்றோரில் ஒருவரை இருக்கச் சொல்ல வேண்டும். யாருமே இல்லையென்றால் அன்றைய பயிற்சியை ரத்து செய்ய வேண்டும். குமார் எந்தப் பிள்ளைக்கும் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது. எதைச் சொல்வதானாலும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். உடை மாற்றும் அறையில் கைப்பேசியை எடுக்கக் கூடாது. தன் காரில் ஒரு பிள்ளையைத் தனியாக ஏற்றிச் செல்வதைத் தவிர்க்க வேண்டும்.

இப்போது இந்த விதிகள் எப்படி வேலை செய்கின்றன என்று பாருங்கள். அதே கிளப்பில் பன்னிரண்டு வயதினர் அணிக்கு இன்னொரு பயிற்றுநர் இருக்கிறார். யூஃபா பி முடித்தவர், டி.பி.எஸ். சுத்தம், எல்லோருக்கும் பிடித்தவர். மூன்று வாரமாக ஒரே பையனை அவர் காரில் கூட்டிப்போவதைக் குமார் பார்க்கிறார். பையனுக்குப் புது பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பையனின் அம்மா இரவு வேலைக்குப் போகிறவர். அவருக்கு இது பெரிய உதவி. தவறாக ஒன்றும் நடந்திருக்காமலும் இருக்கலாம். ஆனால் தனிமை, பரிசு, நன்றிக்கடன் மூன்றும் ஒரே பிள்ளையைச் சுற்றிச் சேர்வதுதான் நன்கு அறியப்பட்ட முதல் அடையாளம். குற்றவாளி முதலில் வசப்படுத்துவது பெரும்பாலும் பிள்ளையை அல்ல, வீட்டாரை.

குமார் அந்தப் பயிற்றுநரிடம் போய் விளக்கம் கேட்கக் கூடாது. பையனைக் கூப்பிட்டுத் துருவவும் கூடாது. பார்த்ததை, தேதியோடு, தன் ஊகம் எதையும் கலக்காமல் எழுதி நல அலுவலரிடம் கொடுக்க வேண்டும். அவர் மாவட்டக் கால்பந்துச் சங்கத்தின் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிப்பார். பிள்ளைக்குத் தீங்கு நடந்திருக்கலாம் என்ற குற்றச்சாட்டு அளவுக்குப் போனால், உள்ளாட்சியில் இதற்கென்றே இருக்கும் அதிகாரிக்கு ஒரு வேலை நாளுக்குள் தகவல் போக வேண்டும். கிளப் தானே பஞ்சாயத்து வைத்து விசாரிக்கக் கூடாது. நல்லெண்ணத்தோடு நடத்தும் அந்த விசாரணையால் சாட்சியம் கலையும், குற்றவாளி உஷாராவார், பிள்ளை பயந்து வாயை மூடிக்கொள்ளும். எச்சரிக்கையோடு முடியக்கூடிய சின்ன விஷயமாக இருந்தாலும், எழுதி வைத்தது கோப்பில் இருக்கும். ஆறு மாதம் கழித்து வேறொருவர் வேறொன்றைப் பார்த்துச் சொல்லும்போது, இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஓர் ஆள் இருப்பார்.

நம் ஊரில்

நம்மிடமும் லெவல்கள் இருக்கின்றன. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் டி உரிமத்தில் தொடங்கி சி, பி, ஏ என்று ஏறும் படிகள் உண்டு. பாட்டியாலாவில் 1961-இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் சான்றிதழைப் பல கோச்சுகள் பெருமையோடு மாட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டாவது வாசலுக்கும் சட்டம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2020-இல் வந்த போக்சோ விதிகள், பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் ஊழியர் ஒவ்வொருவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் செய்ய வேண்டும் என்கின்றன. பள்ளி, குழந்தைகள் காப்பகம் என்று சொல்லும் அந்த வரியில் விளையாட்டு அகாடமியும் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. பயிற்சி தராத ஊழியரையும் விதி விட்டுவைக்கவில்லை. வேன் ஓட்டுபவருக்கும் மைதானம் கூட்டுபவருக்கும் இது பொருந்தும்.

ஒரு விஷயத்தில் நம் சட்டம் இங்கிலாந்தைவிடத் தெளிவானது. போக்சோவில் 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகளே. 17 வயது வீராங்கனையின் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதும் தண்டனைக்குரியது. தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

குறைவது நடைமுறையில். பெற்றோர் திறந்து பார்க்கக்கூடிய தடைப் பட்டியல் இங்கே கிடையாது. 2018-இல் தொடங்கிய பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளத்தைப் பார்க்கும் உரிமை காவல்துறை போன்ற அமைப்புகளுக்கு மட்டுமே. ஒரு அகாடமியிலிருந்து சத்தமில்லாமல் அனுப்பப்பட்டவர் அடுத்த ஊரில் பலகை மாட்டிக்கொண்டால், அவர் ஏன் வந்தார் என்பது புதிய ஊரின் பெற்றோருக்குத் தெரிய வழியில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுப்பு நம் தலையில்தான் விழுகிறது.

ஆகவே அடுத்த முறை பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது லெவலைக் கேளுங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள். "சார், உங்க அகாடமியில எல்லாருக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் எடுத்திருக்கீங்களா? கடைசியா எப்போ எடுத்தீங்க?" என்று கேளுங்கள். பயிற்சி நேரத்தில் எத்தனை பெரியவர்கள் இருப்பார்கள், வெளியூர்ப் போட்டிக்குப் போனால் பிள்ளைகள் யாரோடு தங்குவார்கள், குறை இருந்தால் கோச் அல்லாத யாரிடம் சொல்வது என்பதையும் கேளுங்கள். பயிற்சியை வந்து பார்க்கலாமா என்று கேட்டு, சொல்லாமல் ஒரு நாள் போய்ப் பாருங்கள். ஒழுங்காக நடத்துபவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். "எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று திருப்பிக் கேட்பவரிடம் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம். ஏற்கெனவே சேர்த்துவிட்டீர்கள், ஏதோ சரியில்லை என்று பிள்ளையின் நடத்தை சொல்கிறது என்றால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். கட்டணம் கிடையாது, எந்த நேரத்திலும் எடுப்பார்கள்.